எண்ணுக்கு முன்னால் இருக்கும் வரி

யாரிடமும் ஓடிபி சொல்லக்கூடாது என்பது இன்று எல்லோருக்கும் மனப்பாடம். வங்கி சொல்கிறது, செய்தித்தாள் சொல்கிறது, ஓடிபி வருகிற குறுஞ்செய்தியே சொல்கிறது. அப்படியும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வங்கி ஒன்றின் புகார்ப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். பணத்தை இழந்துவிட்டு வந்தவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்த அறிவுரை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அழைப்பு வந்த நேரத்தில், தாங்கள் ஓடிபியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. திருட்டைத் தடுக்கிறோம், கார்டைப் பூட்டுகிறோம், தவறாகப் போன பணத்தைத் திரும்ப வாங்குகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதை ஒரே ஓர் அழைப்பை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். என் சித்திக்கு வந்த அழைப்பு அது. அவர் போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும். புகார்களை எழுத்தில் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு முழு அழைப்பை முதல் 'ஹலோ'விலிருந்து கடைசிவரை நான் கேட்டது அப்போதுதான். சித்தியைக் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த எண் எதற்காக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஓடிபி பெரும்பாலும் ஆறு இலக்கம். 000000 தொடங்கி 999999 வரை பத்து லட்சம் எண்கள். அவற்றில் ஒன்று உங்களுக்கு வருகிறது. சில நிமிடங்களில் அது செல்லாமல் போகும். சில தடவை தப்பாகப் போட்டால் அந்தப் பரிவர்த்தனையே நின்றுவிடும். ஆகவே அதை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், இணைய வங்கிக் கடவுச்சொல் இவையெல்லாம் எங்காவது கசியலாம். எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் கொடுத்த விவரம் கூட்டத்தோடு கூட்டமாகத் திருடப்பட்டிருக்கலாம். ஓடிபி அப்படி எங்கும் சேமித்து வைக்கப்பட்ட ஒன்றல்ல. யாரோ ஒருவர் ஒரு காரியத்தைத் தொடங்கிய அந்த நொடியில்தான் அது பிறக்கிறது, உங்கள் போனுக்கு மட்டும்தான் வருகிறது. அதனால் திருடனுக்கு இருப்பதிலேயே சுலபமான வழி உங்களிடம் கேட்டு வாங்குவதுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உங்களிடம் ஒருவன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது ஓடிபி வருகிறது என்றால், அதே நேரத்தில் எங்கோ ஒரு திரையில் உங்கள் பெயரில் ஒரு காரியம் பாதி முடிந்து நிற்கிறது. அந்தத் திரைக்கு முன்னால் இருப்பவன் பெரும்பாலும் உங்களோடு பேசுகிறவனேதான், இல்லையென்றால் அவன் பக்கத்தில் இருப்பவன். சித்தியின் பதிவில் இது காதில் விழுகிறது. அவன் பேச்சு நிற்கும் இடங்களிலெல்லாம் விசைப்பலகையில் தட்டும் சத்தம்.

அழைப்பு இப்படித் தொடங்குகிறது. அமைதியான, அவசரமே இல்லாத ஓர் ஆண் குரல். "வணக்கம் மேடம், உங்க வங்கியோட பாதுகாப்புப் பிரிவிலேர்ந்து பேசறேன். இப்போ கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி உங்க கார்டுல ஒரு பெரிய தொகைக்கு ஆன்லைன்ல ஏதாவது வாங்கினீங்களா?"

"இல்லையே, நான் எதுவும் வாங்கலையே."

"அப்படித்தான் எங்களுக்கும் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் நிறுத்தி வச்சிருக்கோம். கவலைப்படாதீங்க, பணம் இன்னும் போகலை."

அவன் எதையுமே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கார்டு எண்ணைக் கேட்கவில்லை, பிறந்த தேதியைக் கேட்கவில்லை. ஒரு கெட்ட செய்தியைச் சொன்னான், கையோடு ஆறுதலும் சொன்னான். இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் சித்தியின் மனதில் அவன் காவல்காரன் ஆகிவிட்டான். வேறொரு திருடன் வெளியே இருக்கிறான், இவர் அவனைத் தடுக்கிறார் என்பதுதான் கதை. அதற்குப் பிறகு அவன் கேட்பதெல்லாம் அந்தத் திருடனைத் தடுப்பதற்காகக் கேட்பவையாகவே சித்தியின் காதில் விழுந்தன.

அடுத்து நம்பிக்கையை உறுதிப்படுத்த வேண்டும். "சரிபார்க்கறதுக்காக உங்க கார்டு நம்பர் நான் சொல்றேன் மேடம், நீங்க சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதல் ஆறு இலக்கங்களைப் படித்தான். சித்தி கார்டை எடுத்துப் பார்த்தார், அப்படியே இருந்தது. பிறகு கடைசி நான்கு இலக்கங்கள், அதுவும் சரி. "நடுவுல இருக்கறதைப் பாதுகாப்புக்காக எங்களுக்கே மறைச்சுத்தான் காட்டும்" என்றான்.

இதைக் கேட்டால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் கார்டின் முதல் ஆறு இலக்கம், இப்போது வரும் புது ஏற்பாட்டில் எட்டு இலக்கம், அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியைக் குறிப்பது. ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். உங்கள் வங்கி எது என்று தெரிந்தவனுக்கு அந்த எண்ணைத் தேடி எடுப்பது பெரிய வேலையில்லை. கடைசி நான்கு இலக்கங்களோ, ரசீதுகளிலும் தளங்களிலும் வெளிப்படையாகவே காட்டப்படுபவை. ஆக, அவன் படித்துக் காட்டியதில் ரகசியம் எதுவும் இல்லை. சித்தியின் விஷயத்தில் நடு இலக்கங்களும் காலாவதித் தேதியும் அவனிடம் முன்பே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கவே முடியாது. தெரிந்ததையும் தெரியாததுபோல் காட்டிக்கொண்டது நம்பிக்கைக்காகத்தான். விவரம் எல்லாம் கையில் இல்லாதவர்கள் இதே இடத்தில், "நடுவில் இருப்பதை மட்டும் நீங்கள் உறுதிப்படுத்துங்கள்" என்று கேட்பார்கள்.

பெயர், முகவரி, கடைசியாகச் செய்த செலவு என்று அழைப்பவர் எவ்வளவு சரியாகச் சொன்னாலும், அதை வைத்து அவர் வங்கிக்காரர்தான் என்று முடிவுக்கு வர முடியாது. உங்களைப் பற்றிய விவரம் அவர் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அது கசிந்த விவரமாகவும் இருக்கலாம்.

இதற்கு அடுத்ததுதான் அந்த அழைப்பிலேயே என்னை மிகவும் கோபப்படுத்திய இடம். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "இப்போ உங்களுக்கு ஒரு நம்பர் வரும் மேடம். அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டகூட வாயால சொல்லக்கூடாது. வங்கி ஆளுங்க யாரும் ஓடிபி கேட்க மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும்ல? நான் உங்களை சிஸ்டத்துக்கு மாத்திவிடறேன், பீப் சத்தம் வந்ததும் போன்லயே அந்த நம்பரைத் தட்டுங்க."

சித்திக்குத் தெரிந்த அறிவுரையை அவனே சொல்லிவிட்டான். அதனால் அவர் மனதில் இருந்த ஒரே எச்சரிக்கை மணியும் அடங்கிவிட்டது. வாயால் சொன்னால்தானே தப்பு, எண்ணைத் தட்டுவது இயந்திரத்துக்குத்தானே போகிறது! பதிவில் ஒரு பீப், பிறகு பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல், பிறகு சித்தி விசைகளை அழுத்தும் ஒலிகள் ஆறு.

போனில் பேசும்போது ஒரு விசையை அழுத்தினால் அதற்கென்றே உள்ள ஒலி மறுமுனைக்குப் போகிறது. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு சுரங்கள் சேர்ந்த தனி ஒலி உண்டு. 1 என்ற விசைக்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். வங்கியின் தானியங்கிச் சேவை அந்த ஒலியைக் கேட்டுத்தான் நீங்கள் எந்த எண்ணை அழுத்தினீர்கள் என்று அறிகிறது. அதே வேலையைச் செய்யும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சித்தி அழுத்திய ஆறு எண்களும் அவன் திரையில் அப்படியே தெரிந்திருக்கும். விசையை அழுத்துவதும் சொல்வதுதான். ஒரு பக்கத்தில் தட்டச்சுச் செய்வதும், படம் எடுத்து அனுப்புவதும், திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது குறுஞ்செய்தியைத் திறப்பதும் சொல்வதுதான். மனிதக் குரலே இல்லாமல் முழுக்க இயந்திரமே அழைத்துப் பேசி எண்ணைத் தட்டச் சொல்லும் அழைப்புகளும் இருக்கின்றன. அவற்றின் தந்திரமும் இதேதான்.

அந்த எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் சித்தி ஒரு கேள்வி கேட்டார். அதற்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். "இதுல பணம் செலுத்தறதுக்கான நம்பர்னு போட்டிருக்கே தம்பி? தொகைகூடப் போட்டிருக்கே?"

வந்திருந்தது வங்கியின் உண்மையான குறுஞ்செய்திதான். எந்தத் தளத்துக்கு எவ்வளவு பணம் செலுத்துவதற்கான எண் என்று அதில் தெளிவாக இருந்தது. பேசியவன் சொன்ன கதையோ பணத்தை நிறுத்துவதைப் பற்றியது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. எந்தத் திருட்டு அழைப்பிலும் இப்படி முட்டுகிற இடம் ஒன்று வந்தே தீரும். ஏனென்றால் கதையை எழுதுவது திருடன், குறுஞ்செய்தியை எழுதுவது வங்கி. தன் வாயிலிருந்து எதை வேண்டுமானாலும் அவன் சொல்லலாம், வங்கியின் செய்தியில் ஓர் எழுத்தைக்கூட அவனால் மாற்ற முடியாது. அதனால் அவனுக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, நீங்கள் அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்க்கும்படி அவசரப்படுத்துவது. இன்னொன்று, படித்துவிட்டால் அதற்கு ஒரு விளக்கம் சொல்வது.

அவன் விளக்கம் தயாராக வைத்திருந்தான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா மேடம், அந்தத் திருடன் பண்ணின பரிவர்த்தனையோட நம்பர்தான் அது. அதே நம்பரைப் போட்டாத்தான் அதை ரத்து பண்ண முடியும். இன்னும் ரெண்டு நிமிஷத்துல போடலைன்னா பணம் போயிடும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பரிவர்த்தனைக்கான ஓடிபியைப் போடாமல் விட்டால் அது நிறைவேறாது. அதுவே தானாகச் செத்துப்போகும், ரத்து செய்ய எதுவுமே வேண்டாம். 'இரண்டு நிமிடத்தில் போடவில்லையென்றால் பணம் போய்விடும்' என்பது உண்மைக்கு நேர் எதிர். இரண்டு நிமிடம் போடாமல் இருந்திருந்தால் பணம் தப்பித்திருக்கும். அந்த அவசரம் அவனுடையது. எண் காலாவதியானால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டியவன் அவன்தானே. அதேபோல் உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கும் உங்களிடமிருந்து ஓடிபி தேவையில்லை. திருப்பித் தரும் பணம், பரிசு, தவறாக அனுப்பிய தொகை என்று பெயர் எதுவாக இருந்தாலும், உங்கள் வங்கி அனுப்பும் எண் நீங்கள் ஒன்றுக்குச் சம்மதிப்பதற்கானது.

எது பணம் செலுத்துவதற்கான எண் என்று செய்தியில் தெளிவாக எழுதப்படுவது தற்செயல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டண விதிகளில் இது சட்டமாகவே இருக்கிறது. இணையம் வழியே பணம் செலுத்தும்போது உருவாகும் குறியீடு அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே செல்லவேண்டும், அந்த இரண்டும் வாடிக்கையாளருக்குக் காட்டப்படவேண்டும். விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு எதற்கு என்று சொல்லாத வங்கிகளை எனக்கே தெரியும், அதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். உங்கள் வங்கி அப்படிச் செய்தால் புகார் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தை அது பறித்துக்கொள்கிறது.

சித்தி எண்ணைத் தட்டினார். ஒரு மாதச் செலவுக்கு ஆகும் பணம் போயிற்று. "ரத்து ஆயிடுச்சு மேடம், லைன்லயே இருங்க" என்றான். இந்த 'லைன்லயே இருங்க'வைப் பதிவில் பலமுறை சொல்கிறான். நீங்கள் பேசிக்கொண்டே இருக்கும்வரை, பணம் போன செய்தியைத் திறந்து படிக்க மாட்டீர்கள், வங்கி உண்மையாகவே சந்தேகப்பட்டு அழைத்தாலும் எடுக்க மாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டீர்கள்.

அப்புறம் இரண்டாவது எண் வந்தது. இதைப் பற்றித்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவலைப்படுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இரண்டாவது செய்தியில் தொகை எதுவும் இல்லை. உங்கள் கார்டை ஒரு புதிய போனில் சேர்ப்பதற்கான குறியீடு என்று இருந்தது. தொகை இல்லாத செய்தியைப் பார்த்தால் பலருக்கும் பயம் குறைகிறது, பணம் சம்பந்தப்பட்டது இல்லை போல என்று தோன்றுகிறது. உண்மையில் இதுதான் அதிக ஆபத்தானது. பணம் செலுத்தும் ஓடிபி ஒரு பரிவர்த்தனையோடு முடிந்துவிடும். கார்டை வேறொரு போனின் பணப்பைச் செயலியில் சேர்க்கும் ஓடிபியோ, அந்தப் போனையே உங்கள் கார்டாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் கடைகளில் போனைக் காட்டிப் பணம் செலுத்தும்போது உங்களுக்கு ஓடிபி வராது. அவன் போனின் பூட்டைத் திறக்க அவன் விரல்ரேகையே போதும். வங்கிச் செயலியைப் புதுப் போனில் பதிவுசெய்யும் எண்ணும், கடவுச்சொல்லை மாற்றும் எண்ணும், புதிய பெறுநரைச் சேர்க்கும் எண்ணும் இதே இனம்தான். வங்கிச் செயலியே அவன் போனுக்குப் போய்விட்டால், பிறகு வருகிற ஒப்புதல்களையும் அவனே கொடுத்துக்கொள்வான்.

சித்தி இங்கேதான் நின்றார். "நான் போன் மாத்தலையே, புது போன்னு வருதே" என்றார். அவன் இதற்கும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். சித்தி அழைப்பைத் துண்டித்துவிட்டார். பிறகு அவரிடம், எதனால் துண்டித்தீர்கள் என்று கேட்டேன். முதல் செய்தியில் அவன் சொன்னதை நம்ப ஒரு காரணம் இருந்தது, இரண்டாவதில் புதுப் போன் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை, புரியாத ஒன்றுக்கு நான் ஏன் நம்பர் கொடுக்கணும் என்றார்.

அந்த இரண்டாவது எண்ணை அவர் கொடுத்திருந்தால் இழப்பு பல மடங்கு ஆகியிருக்கும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஒரு பெரிய வங்கியின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து நடந்த மோசடியில் இதைப் பார்த்தோம். ஏறத்தாழ 790 பேர், 13.7 மில்லியன் சிங்கப்பூர் டாலர். அதன் பிறகு அங்கே வங்கிகளுக்கு வந்த புதிய ஏற்பாடுகளில் ஒன்று, புதிய போனில் வங்கிச் செயலியின் பாதுகாப்புச் சாவியைப் பதிவு செய்தால் அது வேலை செய்யத் தொடங்கக் குறைந்தது 12 மணி நேரம் ஆகவேண்டும் என்பது. திருடன் கையில் எண் போய்விட்டாலும், அதற்குள் உரியவர் செய்தியைப் பார்த்து வங்கியை அழைக்க நேரம் கிடைக்கும். எனக்குப் பிடித்த பாதுகாப்பு ஏற்பாடு இது. அறிவுரையை மட்டும் நம்பாமல், மனிதர்கள் தவறக்கூடியவர்கள் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்டது.

அந்த சிங்கப்பூர் மோசடி அழைப்பில் தொடங்கவில்லை, குறுஞ்செய்தியில் தொடங்கியது. போலிச் செய்திகள், வங்கியின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே உரையாடலுக்குள்ளேயே வந்து விழுந்தன. மேலே போன மாதம் வந்த உண்மையான ஓடிபி, அதற்குக் கீழே உண்மையான இருப்பு அறிவிப்பு, அதற்கும் கீழே 'உங்கள் கணக்கில் பிரச்சினை' என்ற போலிச் செய்தி. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், குறுஞ்செய்தியை அனுப்புபவர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைப் போடலாம். அதிகபட்சம் 11 எழுத்துகள். அந்தப் பெயரை அனுப்புபவரே நிரப்பிக் கொடுக்கிறார். அந்தப் பெயர் உண்மையில் அவருடையதுதானா என்று பார்க்கும் ஏற்பாடு குறுஞ்செய்தித் தொழில்நுட்பத்துக்குள் இல்லை. உங்கள் போன் பெயரை மட்டும் பார்த்து, ஒரே பெயரில் வருவதையெல்லாம் ஒரே உரையாடலில் அடுக்கிவைக்கிறது. பதிவு செய்தவர்கள் மட்டுமே பெயர் போட்டு அனுப்பமுடியும் என்று சில நாடுகள் பின்னர் விதி கொண்டுவந்தன. சிங்கப்பூரில் 2023 ஜனவரி இறுதியிலிருந்து பதிவு கட்டாயம். அப்படிப்பட்ட விதி இல்லாத இடத்தில், செய்தி எந்த உரையாடலில் வந்தது என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

அந்தச் செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போடுவீர்கள். மறுபுறம் அவன் அதே விவரத்தை உண்மையான வங்கித் தளத்தில் போடுவான். வங்கி உங்களுக்கு உண்மையான ஓடிபியை அனுப்பும். போலிப் பக்கம் 'ஓடிபியை உள்ளிடவும்' என்று காத்திருக்கும். ஓடிபி வந்த செய்தி உண்மைதானே, ஆகவே பக்கமும் உண்மைதான் என்று நினைத்துவிட்டேன் என்று புகார் கொடுக்க வந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் திருட்டுப் பக்கமும் வங்கியின் நிஜமான செய்தியை வைத்துத்தான் இயங்குகிறது.

முகவரியைக் கூர்ந்து படித்துப் பாருங்கள் என்ற அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. `unvangi.com.login.example` என்று ஒரு முகவரி இருந்தால், அதன் உரிமையாளர் யார் என்பதைக் கடைசிப் பகுதிகளான `login.example` தான் சொல்கின்றன. முன்னால் இருக்கும் `unvangi.com` வெறும் அலங்காரம். போனின் சின்னத் திரையிலோ முன்பகுதி மட்டும் தெரிந்து கடைசிப் பகுதி மறைந்துவிடுவதுண்டு. அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வதைவிட, குறுஞ்செய்தியில் வரும் இணைப்பு வழியாக வங்கிக்குள் போவதே இல்லை என்று வைத்துக்கொள்வது சுலபம். செயலியை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையிலேயே பிரச்சினை இருந்தால் அங்கேயும் தெரியும்.

அழைப்பு வந்த எண்ணும் இதே கதைதான். திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும், அது அழைப்போடு சேர்த்து அனுப்பப்பட்ட ஒரு தகவல். இணையம் வழி அழைக்கும் சேவைகளில் அதை மாற்றி அனுப்ப முடியும். ஆனால் திரும்ப அழைப்பதில் அவனால் ஏமாற்ற முடியாது. கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணை நீங்கள் தட்டி அழைத்தால் அது வங்கிக்குத்தான் போகும். அதனால் அழைத்தவர் யாராக இருந்தாலும் "நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லித் துண்டித்துவிட்டு, கார்டில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். அழைத்தவர் கொடுக்கும் எண்ணுக்கு இல்லை. வீட்டுத் தரைவழித் தொலைபேசி என்றால் சில இடங்களில் அழைத்தவர் வைக்கும்வரை லைன் சிறிது நேரம் திறந்தே இருக்கும், ஆகவே வேறு போனிலிருந்து கூப்பிடுவது நல்லது. உண்மையான வங்கி ஊழியர் இதற்கு ஒருபோதும் கோபப்படமாட்டார். எங்கள் பிரிவில் வாடிக்கையாளர் அப்படிச் சொல்லித் துண்டித்தால் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

சில அழைப்புகளில் ஓடிபியைப் பற்றிய பேச்சே இருக்காது. 'சிக்னல் சரிசெய்ய', 'உங்கள் புகாரைப் பதிவு செய்ய' என்று சொல்லி `**21*` என்று தொடங்கி, ஒரு போன் எண்ணில் போய், `#` என்று முடியும் ஒன்றைத் தட்டச் சொல்வார்கள். பல கைபேசி நெட்வொர்க்குகளில் அது உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. குறுஞ்செய்தி திரும்பாது. ஆனால் 'ஓடிபியை அழைப்பில் சொல்' என்ற வசதி இருக்கும் சேவைகளில், எண்ணைப் படித்துச் சொல்லும் அழைப்பு நேரே அவனுக்குப் போகும். வங்கியின் எச்சரிக்கை அழைப்பும் அவனுக்கே போகும். சந்தேகம் இருந்தால் முதல் வரியைத் தட்டி நிலையைப் பார்க்கலாம், இரண்டாவதைத் தட்டி எல்லாத் திருப்பல்களையும் நீக்கலாம்:

```
*#21#
##002#
```

சித்தி துண்டித்தவுடன் கார்டின் பின்புறத்து எண்ணுக்கு அழைத்தார். கார்டு பூட்டப்பட்டது. புதிய போனில் கார்டு எதுவும் சேரவில்லை என்று அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். போன பணத்துக்கு அன்றே எழுத்தில் புகார் கொடுத்தோம். அழைப்பின் நேரம், ஓடிபி வந்த நேரம், பணம் போன நேரம், பெற்ற தளத்தின் பெயர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழைப்பின் பதிவையும் இணைத்தோம். ஓடிபி உள்ளிடப்பட்டிருப்பதால் வாடிக்கையாளர் ஒப்புதலோடு நடந்த பரிவர்த்தனை என்றுதான் வங்கி முதலில் பதில் எழுதியது. பெரும்பாலான புகார்களுக்கு இந்தப் பதில்தான் வரும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். பதிவு இருந்ததால் வழக்கு இன்னும் மூடப்படவில்லை. பணம் இதுவரை திரும்பவில்லை.

எண்ணைக் கொடுத்துவிட்ட ஒருவர் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் மீதியும் போகும். முதலில் வங்கியை அழைத்துக் கார்டையும் இணைய வங்கியையும் பூட்டச் சொல்லுங்கள். அந்த அழைப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: கடந்த ஒரு மணி நேரத்தில் புதிய சாதனம் ஏதும் பதிவானதா, புதிய பெறுநர் சேர்க்கப்பட்டாரா, என் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மாற்றப்பட்டதா. கார்டை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியடைந்தவர்களின் கணக்கில், மாற்றப்பட்ட மின்னஞ்சலை வைத்து மறுநாள் மறுபடியும் நுழைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தால், கடவுச்சொல்லை அந்தப் போனிலிருந்து மாற்றாதீர்கள், வேறொன்றிலிருந்து மாற்றுங்கள்.

யாரும் அழைக்காமலே, நீங்கள் எதுவும் செய்யாமலே ஓர் ஓடிபி வந்தால் அதை அலட்சியமாக அழித்துவிடாதீர்கள். யாராவது தங்கள் எண்ணென்று நினைத்து உங்கள் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கலாம், அப்படியும் நடக்கும். ஆனால் செய்தியில் உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் இருந்தால் கார்டு விவரம் யாரிடமோ இருக்கிறது, கார்டை மாற்றச் சொல்லுங்கள். இணைய வங்கியில் நுழைவதற்கான எண் என்று இருந்தால் கடவுச்சொல் போய்விட்டது, உடனே மாற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வரும் என்றும் எதிர்பாருங்கள். சித்தியின் போனில் பிறகு தேடிப் பார்த்தபோது, அந்த அழைப்புக்கு முந்தைய நாள் இரவும் அதே தளத்தின் பெயரோடு ஓர் ஓடிபி வந்து, படிக்கப்படாமல் கிடந்தது.